உறுதிமொழி எடுத்த பிறகும் கையில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்

கேள்வி: நான் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். டெக்சஸில் வசிக்கிறேன். 2023 செப்டம்பரில் அமெரிக்கக் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்தேன். அடுத்த மாதம் அமெரிக்க பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. என் இந்திய பாஸ்போர்ட் 2028 வரை செல்லும் என்பதால் அதை ஒப்படைக்கவில்லை. 2024 பொங்கலுக்கு அதைக் காட்டித்தான் ஊருக்குப் போய் வந்தேன். இப்போது அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, உடனே போக வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வரும்வரை இந்திய பாஸ்போர்ட்டிலேயே போகலாம் என்கிறார் ஒரு நண்பர். தொலைந்துவிட்டதாகச் சொன்னால் அபராதம் வராது என்கிறார் இன்னொருவர். அமெரிக்கக் குடியுரிமை பெறும்போது அப்பா பெயரை விட்டுக் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டேன், அதனால் சிக்கல் வருமா? சென்னையில் பிறந்த என் 13 வயது மகளுக்கும் அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம். அவள் 18 வயதில் இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெற முடியும்தானே? இந்தியக் குடிமகளாக இல்லாவிட்டால் அப்பாவின் நஞ்சை நிலத்தில் என் பங்கு போய்விடுமா?

பதில்: சகோதரிக்கு, உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் நாளில்தான் இந்தியக் குடியுரிமை போகிறது, அதுவரை அது உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 9(1)-இன்படி, ஓர் இந்தியர் தாமாக முன்வந்து வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற கணத்திலேயே இந்தியக் குடிமகனாக இருப்பது முடிந்துவிடுகிறது. அதற்கு விண்ணப்பமோ, உத்தரவோ, யாருடைய கையெழுத்தோ தேவையில்லை. உங்கள் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள 2023 செப்டம்பர் தேதிதான் அந்த நாள். அமெரிக்க பாஸ்போர்ட் வந்த அக்டோபர் கூட அல்ல.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ள 2028 என்ற ஆண்டு அந்தப் புத்தகத்தின் ஆயுளைத்தான் சொல்கிறது. அதை வைத்திருப்பவர் இன்னும் இந்தியரா என்பதை அது சொல்வதில்லை. தூதரகம் தரும் சரண்டர் சான்றிதழும் உங்கள் குடியுரிமையைப் பறிக்கும் ஆவணம் அல்ல. ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றைப் பதிவு செய்து, இந்தப் புத்தகம் இனி புழக்கத்தில் இல்லை என்று சான்று சொல்வதே அதன் வேலை. ஆகவே நீங்கள் ஒப்படைப்பதைத் தள்ளிப் போடுவதால் குடியுரிமை ஒரு நாள் கூட நீள்வதில்லை. இந்தியக் குடிமகள் அல்லாத ஒருவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் காலம்தான் நீள்கிறது. அப்படி வைத்திருப்பதும், அதில் பயணம் செய்வதும், அதைப் புதுப்பிப்பதும் 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்று இந்தியத் தூதரகங்கள் தம் அறிவிப்புகளில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன.

இரண்டு நண்பர்களின் யோசனைகள்

முதல் நண்பர் சொல்வது சட்டப்படி தவறு என்பது இருக்கட்டும், விமான நிலையத்திலேயே அது எப்படி இடிக்கும் என்று பாருங்கள். உறுதிமொழி நிகழ்ச்சியில் உங்கள் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து திரும்பும்போது சென்னையில் குடிவரவு அதிகாரி இந்திய பாஸ்போர்ட்டைப் புரட்டி, அமெரிக்காவுக்குள் எந்த அனுமதியில் நுழையப் போகிறீர்கள் என்று கேட்டால், காட்டுவதற்கு அதில் விசாவும் இல்லை, கையில் கிரீன் கார்டும் இல்லை. அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினால், அதில் இந்திய விசா எங்கே, எப்படி உள்ளே வந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குச் சட்டப்படி சரியான பதில் ஒன்றும் கிடையாது. 2024 பொங்கலுக்கு அது எழாமல் போனது தற்செயல்தான். அமெரிக்கச் சட்டமும் தன் குடிமக்கள் நாட்டை விட்டுப் புறப்படவும் திரும்பவும் அமெரிக்க பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. அவசரம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இந்த வழி வேண்டாம்.

இரண்டாம் நண்பரின் யோசனை இதைவிட மோசமானது. நீங்கள் செய்தது ஒரே ஒரு பயணம். அது அபராதத்தோடு தீரக்கூடிய விஷயம். தொலைந்துவிட்டது என்று சொன்னால், காவல் நிலையப் புகாரின் நகலையும், எப்படித் தொலைந்தது என்று எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தையும் கேட்பார்கள். பொய்ப் புகார் கொடுப்பது டெக்சஸிலும் குற்றம். அதோடு, 2024-இல் நீங்கள் வந்ததும் போனதும் புத்தகத்தில் விழுந்த முத்திரையாக மட்டும் இல்லை, இந்தியக் குடிவரவுத் துறையின் கணினியிலும் பதிவாகியிருக்கிறது. புத்தகம் மறைந்தால் அந்தப் பதிவு மறையாது. இதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். பொய்த் தகவல் கொடுத்தோ முக்கியமான உண்மையை மறைத்தோ பெற்ற ஓசிஐ பதிவை ரத்து செய்யக் குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 7டி இடம் தருகிறது. ஓர் அபராதத்தை மிச்சப்படுத்த, வாழ்நாள் முழுவதும் ஊருக்கு வந்துபோகும் உரிமையைப் பணயம் வைப்பதை எந்த வழக்கறிஞரும் ஆதரிக்க மாட்டார். உண்மையிலேயே தொலைத்தவர்களுக்கு இந்த வழி இருக்கிறது. புத்தகம் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஒப்படைக்கும் முறை

டெக்சஸ் ஹூஸ்டன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆனால் விண்ணப்பத்தை நேரே அங்கே கொடுப்பதில்லை. முதலில் இந்திய அரசின் பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் கணக்குத் தொடங்கி, சரண்டர் சான்றிதழ் என்ற சேவையைத் தேர்ந்து படிவத்தை நிரப்பி அச்செடுக்க வேண்டும். பிறகு தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் பதிவு செய்து, அசல் இந்திய பாஸ்போர்ட், அமெரிக்க பாஸ்போர்ட்டின் நகல், குடியுரிமைச் சான்றிதழின் நகல், முகவரிச் சான்று, இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துத் தர வேண்டும். எந்தெந்த நகலுக்கு நோட்டரி சான்று தேவை என்பதை மையத்தின் பட்டியலில் ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் காணும் காரணங்களில் பாதி இந்த நோட்டரி விஷயம்தான்.

அனுப்புவதற்கு முன் இந்திய பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ரத்து செய்து முத்திரையிட்டு, சான்றிதழோடு உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். ரத்தான பிறகு அது பயனற்றது என்று நினைத்துப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு காலத்தில் இந்தியக் குடிமகளாக இருந்தீர்கள் என்பதற்கு ஓசிஐ விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய முதல் ஆதாரமே அதுதான்.

இனி பெயர் விஷயம். தமிழ்நாட்டவர்க்கு இது தனித் தலைவலி, ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமே இல்லை. உங்கள் இந்திய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் இருக்கும், அமெரிக்க பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இவை இருவேறு ஆட்களின் ஆவணங்களாகத் தெரியலாம். இரண்டையும் இணைக்கும் பாலம், குடியுரிமை பெறும்போது நீதிமன்றம் பெயர் மாற்றத்தை ஏற்றுத் தந்த உத்தரவு. அதன் நகலைக் கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே வையுங்கள், திருமணச் சான்றிதழின் நகலையும் சேர்த்துவிடுங்கள். சரண்டர் படிவத்தில் இந்திய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அதில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், எழுதுங்கள். புதிய பெயரை அதற்குரிய இடத்தில் மட்டும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் படிவத்திலும் காலியாகவே விடுங்கள், அப்பா பெயரை நீங்களாகப் பிரித்து அங்கே போடாதீர்கள்.

கட்டணமும் அபராதமும்

இவை இரண்டும் வேறு வேறு, இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பயம் அதிகமாகிறது. கட்டணம் எல்லோருக்கும் உண்டு. அரசுக் கட்டணம், இந்தியச் சமூக நல நிதிக்கான சிறு தொகை, விஎஃப்எஸ் மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர் செலவு ஆகியவை சேர்ந்ததே நீங்கள் கட்டும் மொத்தம். இவை அவ்வப்போது மாறும் என்பதால், நண்பர் போன வருடம் கட்டிய தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் மையத்தின் பக்கத்தில் உள்ள தொகையையே கட்டுங்கள். இணையத்தில் தேடினால் மிகக் குறைந்த கட்டணம் ஒன்றும் கண்ணில் படும். அது உங்களுக்கு உரியது அல்ல. 2010-இல் இந்த முறை கடுமையாக்கப்பட்டு 175 டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது, பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கர் ஆகிவிட்டவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு 2010 மே 31 வரை குடியுரிமை பெற்றவர்களுக்குத் தனியாகக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அந்தச் சலுகை அவர்களுக்கானது.

அபராதம், அமெரிக்கர் ஆன பிறகு இந்திய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தியதற்கானது. அந்த பாஸ்போர்ட்டில் எத்தனை முறை பயணம் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துப் படிப்படியாக உயரும் வகையில் அரசு அதை வகுத்திருக்கிறது. நீண்ட காலம் ஒப்படைக்காமல் வைத்திருந்தாலும் அபராதம் வரக்கூடும். உங்கள் விஷயத்தில் கணக்கு எளிது. உறுதிமொழி 2023 செப்டம்பர், பயணம் 2024 ஜனவரி, ஆக ஒரு பயணம். அதற்கு முன் இந்தியராக இருந்தபோது செய்த பயணங்கள் இதில் சேரா. பயணம் பற்றிக் கேட்கும் இடத்தில் தேதியோடு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘குடியுரிமை பெற்றவுடன் பழைய பாஸ்போர்ட் செல்லாது என்பதை அறியாமல் பயணம் செய்தேன்’ என்று இரண்டு வரி விளக்கக் கடிதம் வைத்தால் போதும். பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தூதரகம் முத்திரைகளைப் பார்த்துத் தொகையைச் சொல்லும், கட்டிவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது. என் அனுபவத்தில், தாமாகவே சொல்லி ஒரு பயணத்துக்கு அபராதம் கட்டியவர்களுக்குப் பிறகு ஓசிஐ கிடைப்பதில் இடைஞ்சல் வந்ததில்லை.

அப்பாவைப் பார்க்கப் போவது

இங்கே நீங்கள் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஓசிஐ வந்தால்தான் இந்தியாவுக்குப் போக முடியும் என்பதில்லை. அமெரிக்கக் குடிமகளாக, அமெரிக்க பாஸ்போர்ட்டில், விசா வாங்கிப் போகலாம். உறவினர்களைப் பார்ப்பதற்கு இ-டூரிஸ்ட் விசா போதும். indianvisaonline.gov.in தளத்தில், பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். சென்னை, திருச்சி, கோவை விமான நிலையங்களில் அதைக் கொண்டு இறங்கலாம், தஞ்சாவூருக்குத் திருச்சி பக்கம். இதே போன்ற பெயரில் இரண்டு மூன்று மடங்கு பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் பல இருக்கின்றன. முகவரியின் கடைசியில் gov.in இருக்கிறதா என்று பார்த்து உள்ளே போங்கள்.

அந்தப் படிவத்தில், குடியுரிமை பிறப்பால் வந்ததா பின்னர் பெற்றதா என்ற கேள்வியும், முந்தைய குடியுரிமை எது என்ற கேள்வியும் வரும். பின்னர் பெற்றது, இந்தியா என்று எழுதுங்கள். பிறந்த இடம் இந்தியா என்று உங்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டிலேயே தெரியும்போது, இதை மறைத்து ஆகப் போவது ஒன்றுமில்லை. சரண்டர் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பயணம் செய்ய முடிந்தால் அதையும் ரத்தான பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் நிலை அதுவரை காத்திருக்க விடாது என்றால், விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட்டு அதன் ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நான்கு நாள் கூட இல்லை என்ற நிலை வந்தால், மருத்துவமனைக் கடிதத்தோடு துணைத் தூதரகத்தின் அவசர விசாப் பிரிவை நாடுங்கள். நெருங்கிய உறவினரின் கடும் நோய்க்கும் மரணத்துக்கும் அங்கே தனி ஏற்பாடு உண்டு.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு நிதானமாக ஓசிஐக்கு விண்ணப்பியுங்கள். அமெரிக்காவில் அதன் கட்டணம் 275 டாலர், சேவைக் கட்டணம் தனி. ஊரில் இருக்கும்போதே அதை முடித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், டூரிஸ்ட் விசாவில் வந்தவர்கள் இந்தியாவில் இருந்தபடி அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஓசிஐ கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம், எத்தனை மாதம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அது இரட்டைக் குடியுரிமை அல்ல. வாக்குரிமை கிடையாது, அரசுப் பதவி கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். தேர்தல் நேரத்தில் ஊரில் இருக்க நேர்ந்தாலும் வாக்குச் சாவடிப் பக்கம் போக வேண்டாம்.

மகளின் குடியுரிமை

மகள் விஷயத்தில் உங்கள் நம்பிக்கை பரவலாக இருக்கும் ஒன்று, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 8, ஓர் இந்தியர் தாமே அறிவிப்புக் கொடுத்துக் குடியுரிமையைத் துறப்பதைப் பற்றியது. அப்படித் துறந்தவரின் மைனர் பிள்ளையும் குடியுரிமையை இழக்கும். அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்த ஓராண்டுக்குள் அதைத் திரும்பக் கோரலாம் என்று பிரிவு 8(2) சொல்கிறது. உங்கள் காதுக்கு வந்தது இந்த வரிதான். ஆனால் நீங்கள் குடியுரிமை இழந்தது பிரிவு 8-இன்படி அல்ல, பிரிவு 9-இன்படி, தானாக. இப்படித் தானாக இழந்த பெற்றோரின் பிள்ளைக்குப் பிரிவு 8(2) பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பெற்றோரின் மகன் ஒருவர் தொடுத்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக வந்த முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் மகள் தானாக முன்வந்து அமெரிக்கர் ஆகவில்லையே, நீங்கள் ஆனதால் அமெரிக்கச் சட்டப்படி அவளும் ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். ஏட்டளவில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அவளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்டீர்கள். வேறு நாட்டின் பாஸ்போர்ட் பெற்றிருப்பதே அந்நாட்டுக் குடியுரிமையைத் தாமாகப் பெற்றதற்கு முடிவான சான்று என்கின்றன குடியுரிமை விதிகள். இத்தகைய விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே சொல்லிவிட்டது. பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் ஒரு சிறுமியின் பயணங்களைச் சிக்கலாக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவளுடைய இந்திய பாஸ்போர்ட்டையும் உங்களுடையதோடு சேர்த்து ஒப்படைத்துவிடுங்கள். படிவத்தில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் தேவைப்படும், தந்தை இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் அது இதற்குத் தடை அல்ல.

வளர்ந்த பின் அவள் இந்தியாவிலேயே வாழ விரும்பினால் கதவு முற்றிலும் அடைபடவில்லை. ஐந்தாண்டு ஓசிஐ பதிவு இருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் இந்தியாவில் வசித்தவர், பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம். அப்போது அவள் அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலம்

வாரிசாக வரும் பங்கு குடியுரிமையால் போகாது. வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்பதுதான் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் தடை. இந்தியாவில் வசிக்கும் அப்பாவிடமிருந்து வாரிசாக வரும் நஞ்சையை நீங்கள் பெறலாம், வைத்திருக்கலாம். விற்கும்போது மட்டும் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன் ஒருவருக்கே விற்க முடியும். டெக்சஸில் இருக்கும் அண்டை வீட்டுத் தமிழருக்கு, அவர் ஓசிஐ வைத்திருந்தாலும், விற்க முடியாது.

பாகப் பிரிவினைக்காக உடன்பிறந்தவர் யாருக்காவது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க நேர்ந்தால், ஊர் ஆவண எழுத்தர் அனுப்பும் பழைய மாதிரியில் ‘இந்தியக் குடிமகள்’ என்ற சொல்லும் பழைய பாஸ்போர்ட் எண்ணும் இருக்கக்கூடும். இரண்டையும் அடித்து, அமெரிக்கக் குடிமகள் என்றும் அமெரிக்க பாஸ்போர்ட் எண் என்றும் மாற்றி, பழைய பெயரையும் ‘என்கிற’ என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பட்டாவிலும் வாரிசுச் சான்றிலும் உங்கள் பழைய பெயர்தான் இருக்கும். பத்திரத்தை அமெரிக்க நோட்டரி முன் கையெழுத்திட்டு, வேறு நாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும்.